ஐந்து லட்சம் இலக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். நேற்று போனில் "சித்தப்பாவோடு என்னப்பா சண்டை?" என்று கேட்டாய். பக்கத்தில் அவன் நின்றிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. போனில் சொன்னால் பாதிதான் புரியும் என்று எழுதுகிறேன்.

ஆவணி தொடக்கத்தில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். ஊர் ஊராகக் கடை போட்டிருக்கும் கம்பெனி. மன்னார்குடியில் அவர்களே கடை திறக்கப் போவதில்லையாம், நம் கடைக்குச் சரக்கு போடுகிறோம் என்றார். பைப், மோட்டார் சாமான், பெயிண்ட், கைக்கருவி எல்லாம் இப்போது வாங்கும் விலையிலிருந்து நூற்றுக்கு ஆறு ரூபாய் குறைவு. நம் கொள்முதலில் பத்தில் எட்டுப் பங்கு அவர்களிடமே எடுக்க வேண்டும். பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். மாதம் ஐந்து லட்சத்துக்குக் குறையாமல் எடுக்க வேண்டும்.

சித்தப்பா அன்றைக்கே சரி சொல்லிவிடலாம் என்றான். வருஷத்துக்கு அறுபது லட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறோம், ஆறு சதவீதம் என்றால் மூன்று லட்சத்து அறுபதாயிரம், இதைவிட என்ன வேண்டும் என்றான். கொத்தனார்கள் கடையில் நின்றுகொண்டே செல்போனில் விலை பார்க்கிறார்கள், நாம் பழைய விலையில் எத்தனை நாள் ஓட்டுவது என்று கேட்டான். அது நியாயமான கேள்விதான். நான்தான் முதலில் தப்பாக ஆரம்பித்தேன். "விலை குறைவு என்றால் பைப் மட்டமாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அவன் பேசவில்லை. சாம்பிளாக வந்த இருபதடி பைப்பையும் நாம் விற்கும் பைப்பையும் கொண்டுவந்து தராசில் தூக்கினான். இரண்டும் 63 எம்எம், இரண்டிலும் நாலு கிலோ அழுத்தம் என்று அச்சடித்திருந்தது. நம்முடையது இரண்டு கிலோ அறுநூற்றைம்பது, அவர்களுடையது இரண்டு கிலோ அறுநூறு. எடை மட்டும் போதாது, சுண்ணாம்புத் தூள் அதிகம் கலந்த பைப்பும் எடை காட்டும் என்றேன். சின்ன வயதிலேயே உனக்குக் காட்டியிருக்கிறேன், நினைவிருக்கும். ஒரு சாண் துண்டு அறுத்து வைஸில் வைத்து நசுக்கினால், நல்ல பைப் வெளுத்து மடங்கும், தூள் அதிகம் கலந்தது பிளந்துகொண்டு போகும். அவன் அறுத்தான், நசுக்கினான். மடங்கியது, பிளக்கவில்லை. என் சந்தேகம் தப்பு. ஆனால் அதை அப்போதே வாய்விட்டுச் சொல்லாமல் போனேன். அவனுக்கு அதுதான் வலித்திருக்கிறது.

அன்று ராத்திரி மூன்று வருஷத்துப் பில் கட்டுகளை எடுத்து மாதவாரியாகக் கூட்டினேன். சராசரி பார்த்தால் மாதம் ஐந்து லட்சம்தான். ஆனால் எந்த மாதமும் ஐந்து லட்சமாக இல்லை. குறுவைக்குத் தண்ணீர் வரும் சமயம் ஏழு, எட்டு என்று போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு லட்சம்கூட எடுக்கவில்லை. வயலில் தண்ணீர் நிற்கும்போது பைப் வாங்க யார் வருவார்? மேட்டூர் திறப்பும் நம் கையில் இல்லை. 2023இல் ஜூன் 12ஆம் தேதி திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. அந்த வருஷம் ஆனியில் போர்வெல் வைத்திருப்பவர்கள் மட்டும் கடைக்கு வந்தார்கள், ஆற்றுப் பாசனக்காரர்கள் எட்டிப் பார்க்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு கம்பெனிக் காகிதத்தை மறுபடி படித்தேன். ஆறு சதவீதம் மொத்தமாக வருவதில்லை. நாலு சதவீதம் பில்லிலேயே கழியும். மீதி இரண்டு சதவீதம் வருஷக் கடைசியில் வரும், அதுவும் பன்னிரண்டு மாதமும் இலக்கை எட்டினால்தான். ஒரு மாதம் தவறினாலும் கிடையாது. நமக்கு ஐப்பசியிலேயே தவறிவிடும். இலக்குக்காக எடுத்து அடுக்கினால் குடோனில் பணம் தூங்கும். ஆக அந்த ஒரு லட்சத்து இருபதாயிரம் போய், இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் நிற்கிறது.

அப்புறம் தவணை. கும்பகோணம் மொத்த வியாபாரி நமக்கு நாற்பத்தைந்து நாள் தருகிறார். அதாவது அவருடைய ஏழரை லட்சம் எப்போதும் நம் கடைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. முன்பணம் கட்ட வேண்டுமென்றால் அதை பேங்கில் எடுக்க வேண்டும். பன்னிரண்டு சதவீத வட்டிக்குத் தொண்ணூறாயிரம். அது போனால் மிச்சம் ஒன்றரை லட்சம். விற்காத எல்போ, டி, வால்வு எல்லாம் அவர் திருப்பி எடுத்துக்கொள்கிறார், கம்பெனி எடுக்காது. அதில் வருஷத்துக்கு ஐம்பதாயிரம் போகும். மிச்சம் ஒரு லட்சம்.

இதுவரை கணக்கைக் காட்டியபோது சித்தப்பா, "ஒரு லட்சம் சும்மா வருமா அண்ணே?" என்றான். அவன் அப்படிக் கேட்ட பிறகுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. பேங்கில் கடன் வாங்குவதென்றே முடிவு செய்தால், கும்பகோணத்துக்காரருக்கே ஒரு வாரத்தில் ரொக்கம் கொடுக்கலாமே. அப்படிக் கொடுப்பவர்களுக்கு அவர் இரண்டு சதவீதம் கழிக்கிறார். வட்டி போக முப்பதாயிரம் நமக்கு நிற்கும், சரக்கும் திரும்பும். ஆக கம்பெனியால் கூடுதலாக வருவது உண்மையில் எழுபதாயிரம்தான். அதற்காக எண்பது சதவீதம் அவர்களிடமே எடுக்கும் கட்டாயத்தை ஏற்பதா?

கஜா புயலையும் சொன்னேன். 2018 நவம்பர் 16. ஊரில் கரண்டும் இல்லை, பேங்கும் இல்லை. தார்ப்பாய், தகரம், ஆணி, ஜே போல்ட் ஏற்றி ஒரு லாரியைப் பணம் கேட்காமல் அனுப்பினார் கும்பகோணத்துக்காரர். சித்தப்பாதான் மழையில் நின்று இறக்கினான். சித்திரையில்தான் முழுவதும் அடைத்தோம். முன்பணம் கட்டச் சொல்லும் இடத்திலிருந்து அந்த லாரி வந்திருக்காது. அவன் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை.

பிறகு அவன் பற்று நோட்டை எடுத்துப் போட்டான். "அவர் நமக்குத் தவணை தருகிறார் என்று நாமும் ஊருக்கெல்லாம் தருகிறோம். ஒன்பது லட்சம் வெளியில் நிற்கிறது, அதில் இரண்டு லட்சம் வருஷம் தாண்டியது. இதை நீங்கள் கேட்க மாட்டீர்கள், என்னையும் கேட்க விடமாட்டீர்கள்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சம்பா நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டதும் பணம் கணக்கில் ஏறுகிறது, கேட்டால் கொடுப்பவர்கள்தான். கேட்கக் கூச்சப்பட்டு நான் இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். கம்பெனியை அவன் பிடித்துக்கொண்டதற்குக் காரணமும் இதுதான் என்று அப்போது புரிந்தது. முன்பணக் கடை என்று ஆகிவிட்டால் கடன் கொடுப்பதை நிறுத்த ஒரு சாக்கு கிடைக்கும் என்று நினைத்திருக்கிறான்.

இப்போது இப்படி முடிவு செய்திருக்கிறோம். பெயிண்ட், சுவிட்ச், கைக்கருவிக்கு மாத இலக்கு இல்லாமல், வருஷ இலக்காகப் பதினைந்து லட்சம் தருகிறோம், மூன்று சதவீதம் கொடுத்தால் போதும் என்று கம்பெனிக்குச் சித்தப்பாவே எழுதிவிட்டான். பைப்பும் மோட்டாரும் கும்பகோணத்தில்தான். பழைய பற்றை அவன் வசூல் செய்வான், நான் குறுக்கே வரமாட்டேன். இரண்டு அறுவடை தாண்டியும் பாக்கி வைத்தவருக்குப் புதுப் பற்று கிடையாது.

கம்பெனி ஆள் வரும் திங்கட்கிழமை வருகிறார். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சித்தப்பா மறுபடி வருத்தப்படுவான். பைப் விஷயத்தில் நான் சொன்னது தப்பு என்று நேற்றுதான் அவனிடம் சொன்னேன். "சரிண்ணே" என்று மட்டும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனுக்குப் போன் போடு. பேத்திக்கு இருமல் நின்றதா என்று எழுது.

அன்புடன்,
அப்பா