ஹோஸ் சொட்டுதுன்னு சொன்னியே பாப்பா

பாப்பா,

நீ அனுப்புன வீடியோவ ரெண்டு மூணு தடவ பாத்தேன். ஹேண்ட் ஷவர் ஹோஸோட கீழ் வளைவுல சொட்டுதுன்னு அங்கதான் ஓட்டைன்னு நீயே முடிவு பண்ணிட்ட. அவசரப்படாத, தண்ணி மேல கசிஞ்சாலும் ஹோஸ் மேலயே வழிஞ்சு வந்து கீழ் வளைவுலதான் சொட்டும்.

மொதல்ல ஹோஸ் முழுக்க துணியால நல்லா துடைச்சுடு. ரெண்டு முனையிலயும் நட்ட சுத்தி டிஷ்யூ பேப்பர் கட்டிட்டு, ஷவர ஸ்டாண்டுலயே மாட்டி வச்சு தண்ணிய தொறந்து விடு. ஷவர் தண்ணியே பேப்பர்ல படாம மட்டும் பாத்துக்கோ. பேப்பர் நனைஞ்சா வாஷர்தான் போச்சு. பேப்பர் காஞ்சே இருந்து நடுவுல ஈரமானா உள்ள இருக்கிற ட்யூப் கிழிஞ்சிருக்கு. வெளிய தெரியுற கம்பிப் பின்னல் வெறும் சட்டைதான், தண்ணி போறது உள்ள இருக்கிற ட்யூப்ல. அது கிழிஞ்சா டேப் சுத்தினாலும் நிக்காது, ஹோஸையே மாத்தணும். நட்டுக்கும் பின்னலுக்கும் நடுவுல இருந்து கசிஞ்சாலும் இதே கததான், வாஷர் மாத்தி பிரயோஜனம் இல்ல.

வாஷர்னா சின்ன வேலைதான். தண்ணிய மூடிட்டு நட்ட கழட்டு, உள்ள தட்டையா ஒரு ரப்பர் வளையம் இருக்கும், கல்லு மாதிரி இறுகியிருந்தா தூக்கிப் போட்டுட்டு அதே சைஸ்ல புதுசு போடு, பெரும்பாலும் அரை இஞ்சுதான். ஆனா பழசு நட்டுக்குள்ளயோ ஷவர் பிடியோட வாயிலயோ ஒட்டிக்கிட்டு நிக்கும், அத கவனிக்காம மேல இன்னொன்னு போட்டா ரெண்டும் சரியா உக்காராம முன்னைய விட அதிகமா கசியும், நானே ஒரு தடவ அப்படி பண்ணி அரை நாள் முழிச்சிருக்கேன். மரைக்கு டெஃப்லான் டேப் வேண்டாம்மா. இங்க தண்ணிய நிறுத்துறது மரை இல்ல, அந்த ரப்பர்தான்.

மொதல்ல கையால முறுக்கு. அப்பவும் கசிஞ்சா நட்டு மேல துணி சுத்தி ஸ்பேனர்ல கால் சுத்து, அவ்ளோதான். கோவத்துல இறுக்கினா ரப்பர் பிதுங்கி வெட்டுப்பட்டுரும்.

அப்புறம் அந்த மடிப்பு. சுவத்துப் பக்கம் நட்டுக்குக் கீழயே ஹோஸ் ஒடிஞ்ச மாதிரி நிக்குதே, தண்ணி கம்மியா வர்றதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். ஒரு தடவ உள் ட்யூப் அமுங்கிட்டா நிமித்தி விட்டாலும் அதே எடத்துல திரும்ப மடியும், நாளைக்கு அங்கேயேதான் கிழியும். அதனால பேப்பர் என்ன சொன்னாலும் ஹோஸ மாத்திரு, எனக்கு அதுதான் சரின்னு படுது.

வாங்குறப்ப பழசோட நீளத்த அளந்துட்டுப் போ, குட்டையா இருந்தா இழுபட்டு முனையில ஒடியும். கூம்பு மாதிரி இருக்கிற நட்டு ஷவர் பிடிக்கு, இன்னொன்னு சுவத்துக்கு. பிடி பக்கம் நட்டு தானா சுழல்ற மாதிரி இருக்கிறத கேட்டு வாங்கு, ஹோஸ் முறுக்கிக்காது. வாஷர் ரெண்டும் கூடவே வருதான்னு கடையிலயே பாத்துக்கோ.

மாட்டிட்டு மறுபடி பேப்பர் கட்டிப் பாத்து, ஃபோட்டோ அனுப்பு.

அப்பா