எழுதியவர் நீங்கள், சந்தேகத்தின் பலன் எங்களுக்கு: பாலிசி வாசகம் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காப்பீட்டு பாலிசிகளின் வாசகத்தை எழுதுபவர்களுக்கும், அதை வைத்து கிளெயிமை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கிளெயிம் மறுக்கப்பட்டவர்களுக்கு மேல்முறையீட்டு மனு எழுதித் தருவது என் வேலை. அதனால் உங்கள் எழுத்தை வரி விடாமல் வாசிக்கும் சிலரில் நானும் ஒருவன். உங்கள் மறுப்புக் கடிதங்களில் ஒரு வாதம் அடிக்கடி வருகிறது: "இந்த நிபந்தனையை எழுதும்போது நிறுவனம் மனதில் கொண்டது இதுதான்." இருக்கலாம். ஆனால் பாலிசியை வாங்கியவர் கைக்கு வந்தது அச்சடித்த தாள் மட்டும். உங்கள் மனதில் இருந்தது அந்தத் தாளில் ஏறவில்லை என்றால், அதனால் வரும் இழப்பை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. வாசகத்தை எழுதியவர்தான் ஏற்க வேண்டும் என்று சட்டம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது.

இதை ஏதோ நேற்று வந்த நுகர்வோர் சலுகை என்று உங்களில் சிலர் நினைப்பது கடிதங்களின் தொனியிலேயே தெரிகிறது. 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுக்க வைத்த ரோமானியச் சட்டத் தொகுப்பில் பாப்பினியன் என்ற சட்ட அறிஞரின் கருத்து ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் தெளிவில்லாமலோ இரு பொருள் தருவதாகவோ இருந்தால் அது விற்றவருக்கும் வாடகைக்கு விட்டவருக்கும் பாதகமாகும். ஏனென்றால் நிபந்தனையைத் தெளிவாக எழுதும் அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது. அதையும் அவர் தன் சொந்தக் கருத்தாகச் சொல்லவில்லை, முன்னோர் கருத்து என்றே சொல்கிறார். காரணம் என்னவென்று பாருங்கள். எழுதியவர் கெட்டவர், வாங்கியவர் ஏழை என்ற பேச்சே அதில் இல்லை. ஒரு சொல்லை மாற்றிப் போட்டிருந்தால் சண்டையே வந்திருக்காது. அந்தச் சொல்லை மாற்றக்கூடிய ஒரே ஆள் எழுதியவர். அவ்வளவுதான்.

இது நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் வழக்கு, இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஹௌட்டன் எதிர் டிராஃபல்கர் இன்சூரன்ஸ். 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. ஐந்து பேர் உட்காரக்கூடிய கார். விபத்து நடந்தபோது உள்ளே ஆறு பேர். அது எந்தச் சுமைக்காகக் கட்டப்பட்டதோ அதைவிடக் கூடுதலான சுமையை ஏற்றிச் செல்லும்போது ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பாலிசியில் ஒரு விலக்கு இருந்தது. ஆறாவது ஆள்தான் கூடுதல் சுமை என்று சொல்லி நிறுவனம் கையை விரித்தது.

முதலில் கேட்கும்போது நிறுவனத்தின் வாதம் நியாயமாகத்தான் படும். மனிதனுக்கும் எடை உண்டு, காரும் அளவோடுதான் கட்டப்படுகிறது. ஆனால் இன்னொரு பொருளும் உண்டு: லாரி, வேன் போன்ற வண்டிகளுக்கு இவ்வளவு எடைக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வரம்பு குறித்திருப்பார்கள்; அந்த வரம்பைத் தாண்டுவதுதான் கூடுதல் சுமை. சொந்தக் காரில் உறவினர்களை ஏற்றிக்கொண்டு போகிற யாரும், "இன்று சுமை எவ்வளவு?" என்று கேட்டுக்கொள்வதில்லை. நீதிமன்றம் இந்த இரண்டாம் பொருளை எடுத்துக்கொண்டு கார்க்காரர் பக்கம் தீர்த்தது. அந்த ஆறாவது பயணியை விலக்க நிறுவனம் என்ன செய்திருக்க வேண்டும்? "இருக்கைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றினால்" என்று எழுதியிருக்க வேண்டும். அதற்குக் கூடுதல் மையும் வேண்டாம், கூடுதல் சட்ட அறிவும் வேண்டாம்.

உங்கள் வாசக மேசையில் இந்தத் தீர்ப்பை ஒட்டி வைக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த விதியை நானும் என்னைப் போன்றவர்களும் அளவுக்கு மீறி இழுக்கிறோம் என்பது உங்கள் புகார். பாதி உண்மை. இரு தரப்பும் ஒரு சொல்லுக்கு வேறு வேறு பொருள் சொல்கிறார்கள் என்பதாலேயே அது தெளிவற்ற சொல் ஆகிவிடாது. முதலில் அந்தச் சொல்லின் சாதாரணப் பொருளைப் பார்க்க வேண்டும். பாலிசியில் அதற்குத் தனி வரையறை இருந்தால் அதைப் பார்க்க வேண்டும். பின் முழு ஆவணத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும்: அதே சொல் வேறு இடத்தில் எப்படி வருகிறது, இந்த பாலிசி எந்த ஆபத்துக்காக வாங்கப்பட்டது என்பதையெல்லாம். இவ்வளவும் செய்த பிறகும் நியாயமான இரண்டு பொருள்கள் மிஞ்சினால்தான் விதி உள்ளே வரும். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2019-இல் லாம்ப்ஸ் பிளஸ் வழக்கில், மற்ற வழிகளெல்லாம் தீர்ந்த பிறகு வரும் கடைசி வழி இது என்றுதான் வைத்தது.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லை எங்கே என்பது நன்றாகத் தெரியும். இரண்டிலும் காப்பீடு செய்தது ஒரே நிறுவனம், யுனைடெட் இந்தியா.

ஒன்று புஷ்பாலயா அச்சக வழக்கு. கட்டடத்தை ஒட்டிய சாலையில் புல்டோசர் ஓடியது. அது கட்டடத்தை இடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. அதன் அதிர்வில் கட்டடம் சேதமடைந்தது. பாலிசியில் ரயில் அல்லது சாலை வாகனத்தாலோ விலங்காலோ ஏற்படும் தாக்கத்தால் வரும் சேதத்துக்குக் காப்பு உண்டு. நேரடியாக மோதினால்தான் தாக்கம் என்றது நிறுவனம். ஆனால் நேரடியாக என்ற சொல் பாலிசியில் இல்லை. அதிர்வால் வந்த சேதத்தையும் அந்த வாசகம் தாங்கும் என்று ஆனபோது, நீதிமன்றம் பாலிசிதாரருக்குச் சாதகமான பொருளை எடுத்தது.

இன்னொன்று ஹர்சந்த் ராய் வழக்கு. அது கொள்ளைக்கான பாலிசி. பலாத்காரமாக, வன்முறையோடு உள்ளே நுழைந்து திருடினால்தான் காப்பு என்று பாலிசியிலேயே வரையறுத்திருந்தார்கள். நடந்தது திருட்டு, ஆனால் அப்படிப்பட்ட நுழைவு இல்லை. இங்கே நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. வாசகம் தெளிவு, அதை நீதிமன்றம் திருத்தி எழுத முடியாது.

என் கட்சிக்காரர்களுக்கு இந்த இரண்டாவது தீர்ப்பு பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். ஏனென்றால் நீங்கள் சொல்லும் "எப்படி எழுதினாலும் எங்களுக்கு எதிராகத்தான் தீர்ப்பு வரும்" என்பது பொய் என்று அது காட்டுகிறது. காப்பைக் குறுக்க விரும்பிய இடத்தில் குறுக்கி எழுதினார்கள், அந்தக் குறுக்கல் நின்றது. முதல் வழக்கில் குறுக்காமல் அகலமான சொல்லைப் போட்டுவிட்டு, கிளெயிம் வந்த பிறகு குறுக்கப் பார்த்தார்கள், அது நிற்கவில்லை.

அந்த "கிளெயிம் வந்த பிறகு" என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் உண்மையான வழக்கு. விற்கும்போது அகலமான சொல் வசதி. காப்பு பெரிதாகத் தெரியும், முகவர் கையேட்டில் அழகாக இருக்கும். இழப்பு வந்ததும் அதே சொல்லைச் சுருக்கி வாசிப்பது வசதி. சில இடங்களில் இது கவனக்குறைவாக இருக்கலாம். ஆனால் ஒரே நிபந்தனையைப் பற்றி ஆண்டுக்கு ஆண்டு தகராறு வந்தும், மறு அச்சில் அதைத் தொடாமல் விடுவதைக் குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாலிசி கேட்டு வாங்குபவர் நிரப்பித் தரும் முன்மொழிவுப் படிவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. படிவத்தின் கேள்விகளும் நீங்கள் எழுதியவைதான். "உங்களுக்கு ஏதேனும் கடுமையான நோய் இருந்ததா?" என்று கேட்கிறீர்கள். எது கடுமை என்று சொல்வதில்லை. ஒருவருக்குச் சில வாரம் மருந்து சாப்பிட்டுத் தீர்ந்த வயிற்றுக் கோளாறு. அவர் "இல்லை" என்று எழுதுகிறார். பிற்பாடு மருத்துவமனைக் கோப்பிலிருந்து அதைத் தோண்டி எடுத்து, உண்மையை மறைத்தார் என்று பாலிசியையே ரத்து செய்கிறீர்கள். கேள்வியை நியாயமாக வாசிக்கக்கூடிய ஒரு பொருளில் அவர் பதில் உண்மை என்றால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. தெளிவற்ற கேள்வியும் கேட்டவருக்கு எதிராகத்தான் வாசிக்கப்படும். உங்களுக்குத் தேவை மருத்துவமனையில் தங்கியதா, தொடர்ந்து மருந்து எடுத்ததா, அறுவை சிகிச்சையா? அதைக் கேளுங்கள், எத்தனை ஆண்டுக்குள் என்றும் கேளுங்கள்.

நியாயத்துக்கு இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். வாசகம் எப்போதும் உங்களுடையது அல்ல. பெரிய தொழில் நிறுவனங்களுக்குத் தரகரே வாசகம் தயாரித்துக் கொண்டு வருகிறார். அவர் வாங்குபவரின் ஆள் என்றால் அந்த வாசகத்தின் குழப்பம் வாங்குபவர் தலையில்தான் விழ வேண்டும். இரு பக்கமும் வழக்கறிஞர்களை வைத்துக்கொண்டு வரிக்கு வரி பேரம் பேசி எழுதிய ஒப்பந்தத்தில் இந்த விதிக்குப் பெரிய வேலை இல்லை. நான் பேசுவது அச்சிட்டபடி வாங்கு, இல்லை என்றால் போ என்று தரப்படும் பாலிசிகளைப் பற்றி. நாம் மல்லுக்கட்டுவதும் பெரும்பாலும் அவற்றின் மேல்தான்.

அப்புறம், இந்த விதியிலிருந்து தப்பிக்க உங்களில் சிலர் கண்டுபிடித்த வழி: "இந்த ஆவணத்தின் பொருள் பற்றி ஐயம் எழுந்தால் நிறுவனத்தின் விளக்கமே இறுதியானது" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. ஐரோப்பாவில் 1993-ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த நெறிமுறை, ஐயம் வந்தால் நுகர்வோருக்கு மிகச் சாதகமான பொருளே நிற்க வேண்டும் என்கிறது. அதே நெறிமுறையின் பின்னிணைப்பில், நியாயமற்றவையாகக் கருதப்படக்கூடிய நிபந்தனைகளின் பட்டியலில், ஒப்பந்தத்துக்குப் பொருள் சொல்லும் தனி உரிமையை விற்பவரே வைத்துக்கொள்வதும் இருக்கிறது. சட்டம் எந்த நாட்டினுடையதாக இருந்தாலும், தேர்வில் தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளும் இந்த வரியை எடுத்துவிடுங்கள்.

கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு விலக்கை வைத்து கிளெயிமை மறுக்கும் முன், அந்த நிபந்தனையை மட்டும், நடந்ததைச் சொல்லாமல், உங்கள் வேறு பிரிவில் இருக்கும் இரண்டு பேரிடம் கொடுத்துப் பொருள் கேளுங்கள். இருவரும் வேறு வேறாகச் சொன்னால் தொகையைக் கொடுத்துவிட்டு, தாளை வாசகப் பிரிவுக்கு அனுப்புங்கள். மறுத்தே ஆக வேண்டும் என்றால், கடிதத்தில் உங்கள் நோக்கத்தை விளக்காமல், நிபந்தனையின் எந்தச் சொற்கள் இந்த நிகழ்வை விலக்குகின்றன என்று அப்படியே எடுத்தெழுதுங்கள். எழுதிப் பார்க்கும்போதே எடுத்தெழுத எந்தச் சொல்லும் அகப்படவில்லை என்பது சில நேரம் உங்களுக்கே தெரிந்துவிடும். அப்போது அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மறுப்புக் கடிதங்களுக்குப் பதில் எழுதுபவன்