காணொளிக்கு இசை சேர்க்கும் முன்

வணக்கம், பெற்றோர்களே, மாணவர்களே. பாரதியார் பாடலைக் காணொளியில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள்.

பாரதியார் 1921இல் மறைந்தார். சிங்கப்பூர்ச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரைதான் பாட்டுக்குக் காப்புரிமை. எனவே வரிகளுக்குத் தடையில்லை. ஆனால், திரைப்படத்தில் அதற்கு அமைத்த மெட்டுக்கும் பாடிப் பதிவு செய்த ஒலிக்கும் தனித்தனி உரிமைகள் உண்டு. படத்திலிருந்து வெட்டியெடுத்தால் அவற்றைத்தான் எடுக்கிறோம். "பத்து விநாடி எடுத்தால் தவறில்லை" என்று சட்டத்தில் எந்தக் கணக்கும் இல்லை.

பிள்ளைகளே சொந்த மெட்டில் பாடிப் பதிவு செய்யட்டும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

பின்னணி இசை வேண்டுமென்றால், பதிவிறக்கும் பக்கத்தில் உரிமக் குறியீட்டைப் பாருங்கள். பெயர் குறிப்பிட்டால் பயன்படுத்தலாம் என்னும் CC BY குறியீடு என்றால் இசையமைத்தவர் பெயர், தலைப்பு, இணைப்பு, உரிமத்தின் பெயர் நான்கையும் காணொளியின் இறுதியில் போடுங்கள். மாற்றியதைப் பகிரக்கூடாது என்பதைக் குறிக்கும் ND என்ற எழுத்துகள் இருந்தால் எடுக்காதீர்கள்: படத்தோடு இசையைப் பொருத்துவதே அந்த உரிமத்தில் மாற்றமாகக் கருதப்படும். ஒலிபரப்புக் குழுவினரும் வெட்டி ஒட்டிய இசையில் இதைக் கவனியுங்கள்.

உரிமம் தெரியும் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து, இசைக் கோப்புடன் இக்குழுவில் அனுப்புங்கள். பார்த்த பிறகு தொகுக்கத் தொடங்கலாம்.