ஆறு வரியும் ஏழு பெருக்கல் குறியும்

மதுரை,
மார்கழிக் கடைசி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. என் மூட்டுவலிக் கதையை நேரில் சொல்கிறேன். அப்பாவின் சுங்குடிப் பட்டறையைப் பற்றி எழுத உட்கார்ந்து, ஒரு மாதமாக முதல் பத்தியையே அடித்து அடித்து எழுதுகிறாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். போன வருஷம் தெப்பக்குளக் கட்டுரையில் நானும் இப்படித்தான் கிடந்தேன். திருமலை நாயக்கர் குளத்தை வெட்டினாரா, தோண்டினாரா என்று ஒரு சொல்லுக்கே ராத்திரி போய்விடும்.

கடைசியில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆறு வரி எழுதினேன். முதலில் ‘தண்ணீர்’, ‘திருவிழா’ என்று வெறும் தலைப்புகள்தான். அவற்றை வைத்து ஒன்றும் ஓடவில்லை. ‘தண்ணீர்’ என்பதை, ‘வைகைத் தண்ணீர் வராத வருஷங்களில் தெப்பம் சுற்றாமல் நிலைத்தெப்பமாக நின்றது’ என்று முழு வாக்கியமாக்கினேன். அடுத்து என்ன எழுதணும் என்பதை அந்த வாக்கியமே சொல்லிவிட்டது.

அப்புறம் வரிக்கு 20 நிமிஷம், போனில் அலாரம் வைத்து எழுதினேன். திரும்பிப் படிப்பதில்லை, அடிப்பதில்லை. வருஷமோ பெயரோ தெரியாத இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தாண்டினேன். தொடங்கியதே நாலாவது வரியில்தான்: குளம் வெட்டும்போது முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்று பாட்டி சொன்ன கதை. அது கைக்கு வந்த கதை. முகப்பைக் கடைசியில் எழுதினேன்.

வந்தது கண்றாவியாக இருந்தது. சொன்னதையே மூன்று இடத்தில் சொல்லியிருந்தேன். ஆனால் கை வைக்கவில்லை. மறுநாள் ஒரே ஒரு தடவை படித்துவிட்டு, ஆறு வரியை மட்டும் திருத்தினேன். குளத்து மண்ணில்தான் மகாலுக்குச் செங்கல் அறுத்தார்கள் என்ற வரிக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. அலாரம் அடிக்கும்வரை வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அது சோம்பல் இல்லை மாப்ளே, அந்த வரிக்கு என்னிடம் சரக்கு இல்லை. இரண்டுமே மண் தோண்டிய கதைதானே என்று பிள்ளையாரோடு சேர்த்துவிட்டேன்.

இரண்டாம் தடவை புதுத்தாளில், முதல் பிரதியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதினேன். பார்த்துக்கொண்டே எழுதினால் கை தானாகத் திருத்தப் போய்விடும். பெயர் மறந்தால் மட்டும் எட்டிப் பார்ப்பேன். மூன்றாம் தடவை பெருக்கல் குறிகள். மொத்தம் ஏழு. ஒன்றுக்காகக் குளத்துக்கே போய்ப் படிக்கட்டில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தேன். திருத்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான். வெட்டினாரா, தோண்டினாரா? அந்த வாக்கியமே இரண்டாம் தடவையில் காணாமல் போயிருந்தது!

ஒன்று, முடிச்சுப் போட்ட சேலையை எந்தச் சாயத்தில் முதலில் முக்குவார்கள் என்பது உனக்கே மறந்திருந்தால், எத்தனை தடவை எழுதினாலும் வராது. அங்கே குறி போட்டுவிட்டு அத்தையிடம் போய்க் கேள்.

தைப்பூசத் தெப்பத்துக்கு வருகிறாய்தானே? அந்த முதல் பத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஆறு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
ராமு