ஸ்ரீரங்கத்துத் தோழிக்கு, அமிர்தசரஸிலிருந்து

அன்புள்ள மைதிலி,

மறுபடி வருகிறேன், இந்தத் தடவை அம்மாவையும் அழைத்து வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். "நீ கூட வா, ஆனால் மொழிபெயர்க்க வேண்டாம்" என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறாயே, அதைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். பொற்கோயிலில் என்னென்ன காதில் விழுமோ அதையெல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அம்மாவுக்கு நீயே சொல். நம் வகுப்புத் தோழிகளும் உன் வீட்டுப் பக்கத்தில் சிலரும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் சிலதைத் தொடாமல் போவேன்.

செருப்பு வைக்கும் இடத்திலேயே ஆரம்பித்துவிடும். சேவை செய்பவர் கை கூப்பி, "வாஹேகுரு ஜீ கா கால்சா, வாஹேகுரு ஜீ கீ ஃபதே" என்பார். போன தடவை இதற்கு நான் "வணக்கம் மாதிரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். முழுசாகச் சொன்னால், "கால்சா வாஹேகுருவுக்கு உரியது, வெற்றியும் வாஹேகுருவுக்கே உரியது." வாஹேகுரு என்பது சீக்கியர்கள் இறைவனை அழைக்கும் பெயர். கால்சா என்றால் தூய்மையானது என்று பலர் எழுதுகிறார்கள். முகலாயர் காலத்து நிலக் கணக்கில் அதற்கு வேறு பொருளும் உண்டு. ஜாகீர்தாருக்குக் கொடுக்காமல் அரசு நேரடியாக வைத்திருந்த நிலத்துக்குக் கால்சா என்று பெயர். குரு கோவிந்த் சிங் 1699 வைசாகியில் ஆனந்த்பூரில் கால்சா என்ற சீக்கியர் அணியை அமைத்தார். குருவுக்கும் மக்களுக்கும் நடுவே காணிக்கை வசூலித்துக்கொண்டிருந்த மசந்துகளை நீக்கியவரும் அவர்தான். அதனால் "நடுவில் ஆளில்லாமல் நேரே அவனுக்கு உரியவர்கள்" என்று சொன்னால் சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

இதற்குப் பதிலும் அதே வாக்கியம்தான். அவர் சொன்னதை அப்படியே முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். பெரியவர் சொன்னாலும் சின்னப் பையன் சொன்னாலும் இரண்டு பக்கமும் ஒரே சொற்கள். யாரும் யாரையும் ஆசீர்வதிப்பதில்லை. உனக்கு இது பிடிக்கும் என்று அன்றைக்கே தோன்றியது. நீ பிரகாரத்துக் குளத்துப் பக்கம் திரும்பிவிட்டாய், சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் லங்கரில் அம்மா திகைக்க மாட்டார். நம் ஊரில் ரசத்தைச் சாத்தமுது என்றும் பாயசத்தைத் திருக்கண்ணமுது என்றும் சொல்லி வளர்ந்தவர் அவர். இங்கே ரொட்டிக்குப் பெயர் பர்ஷாதா. வாளியோடு வருபவர் "பர்ஷாதா ஜீ" என்று குரல் கொடுப்பார். தட்டை நீட்டக்கூடாது, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தினால்தான் கையில் வைப்பார். "லங்கர் சக்கோ ஜீ" என்றால் "சாப்பிடுங்கள்" என்று சொல்லாதே, "அமுது செய்யுங்கள்" என்று சொல். அம்மாவுக்கு உடனே புரியும்.

இனி அந்தப் பாட்டி. லங்கர் முடிந்து வெளியே வந்தபோது, பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர்கள் வரிசையில் நீயும் உட்கார்ந்தாய். யாரும் கூப்பிடவில்லை, நீயாகத்தான் உட்கார்ந்தாய். பாட்டி உன் கையில் ஒரு பிடி பூண்டைப் போட்டுவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது நீ அவர் காலைத் தொட்டாய். தலையில் கை வைத்து, "ஜியூந்தீ ரஹ், புத்தர்" என்றார். புத்தரா என்று நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். மகனே என்பதுதான், மகளையும் செல்லமாக அப்படித்தான் அழைப்பார்கள். "உயிரோடு நன்றாக இரு, கண்ணே" என்றேன். அப்புறம் "வஸ்தீ ரஸ்தீ ரஹ்" என்றார். குடியும் குடித்தனமுமாகச் செழித்து இரு. அதையும் சொன்னேன். மூன்றாவதாக அவர் சொன்னதைத்தான் விட்டேன். "புட்ட் சுஹாகண்." கிழவியாகும் வரை சுமங்கலியாக இரு.

அந்த வருடம் உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணத்தை இங்கே எழுத மாட்டேன். நீ ஊர் திரும்பி, ஒரு பஞ்சாபிக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "என் ஆசீர்வாதத்தை வடிகட்ட நீ யார்?" என்று கேட்டாய். உனக்கு வலித்ததில் எனக்கு வருத்தம்தான், மன்னித்துக்கொள். ஆனால் அந்த இடத்தில், முன்பின் தெரியாத கூட்டத்தின் நடுவே, நீ அன்றிருந்த நிலையில், யாராக இருந்தாலும் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். அதை நீ ஒருமுறைகூட என் பக்கத்திலிருந்து யோசிக்கவில்லை. இரண்டு நாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றியதெல்லாம் மறந்து, ஒரே ஒரு வார்த்தைதான் உனக்கு நினைவிருக்கிறது.

அந்த வார்த்தையைப் பற்றிப் பஞ்சாபிக்காரர் உனக்குச் சொல்லாத இன்னொன்று உண்டு. பாட்டி சொன்னது வீட்டு வாழ்த்து, கணவன் நீண்ட நாள் இருக்கட்டும் என்பதுதான். அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே சுஹாகண் உள்ளே கீர்த்தனத்திலும் திரும்பத் திரும்ப வரும். மூன்றாம் குரு அமர்தாஸ் பாடியிருக்கிறார்: இந்த உலகில் ஆண் ஒருவனே, மற்ற எல்லோரும் பெண்களே. அந்தக் கணக்கில் கீர்த்தனம் பாடும் தாடி வைத்த ராகியும் மணப்பெண்தான். இறைவனோடு கூடிய உயிர்தான் சுஹாகண். நம்மாழ்வாரைப் பராங்குச நாயகி என்று கொண்டாடும் ஊரில் பிறந்தவளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே அந்தச் சொல் கேட்டால் முகம் சுருங்காமல் உட்கார்.

பாட்டியின் வஸ்தீயைப் போலவே வரும் வஸ்தே ரஹோ என்பதற்கும் ஒரு கதை உண்டு, அம்மாவுக்குச் சொல். குருநானக்கும் அவருடைய தோழர் மர்தானாவும் ஒரு ஊருக்குப் போனார்கள். அங்கே யாரும் மதிக்கவில்லை. கிளம்பும்போது நானக், "வஸ்தே ரஹோ, இங்கேயே குடியிருங்கள்" என்று வாழ்த்தினார். அடுத்த ஊரில் அன்பாக உபசரித்தார்கள். அவர்களைப் பார்த்து, "உஜட் ஜாவோ, சிதறிப் போங்கள்" என்றார். மர்தானாவுக்குப் பொறுக்கவில்லை, இது என்ன நியாயம் என்று கேட்டார். கெட்டது ஓரிடத்திலேயே இருக்கட்டும், நல்லவர்கள் சிதறினால் போகிற இடமெல்லாம் நல்லது பரவும் என்றார் குரு. நீ என்னை ஊரை விட்டு ஓடியவள் என்று சொன்ன நாளில் இந்தக் கதை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன்.

அர்தாஸ் என்ற பொது வேண்டுதல் தொடங்கி எல்லோரும் எழுந்து நிற்கும்போது நீங்களும் நில்லுங்கள். "நானக் நாம் சட்தீ கலா, தேரே பாணே சர்பத் தா பலா" என்று முடிப்பார்கள். நாமத்தால் மனம் தளராமல் மேலே மேலே எழட்டும், உன் சித்தப்படி எல்லோருக்கும் நல்லது நடக்கட்டும். எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும், சீக்கியருக்கு மட்டும் இல்லை. பிறகு ஒருவர் "போலே ஸோ நிஹால்" என்று உரக்கச் சொல்வார். "சத் ஸ்ரீ அகால்" என்று கூட்டம் பதில் சொல்லும். காலம் தொடாத அவனே சத்தியம் என்று அர்த்தம். அம்மாவும் கூடவே சொல்லலாம்.

அம்மாவை யாராவது பாட்டி ஆசீர்வதித்து, அது உங்கள் இருவருக்கும் புரியாமல் போனால் என்னைத் திரும்பிப் பார். ஒரு சொல்லையும் விடாமல் சொல்கிறேன், உனக்குப் பிடிக்காததையும் சேர்த்து. அதற்கப்புறம் என்மேல் கோபப்படக் கூடாது.

உன்,
ராஜி