வன்னியின் சாரதிப் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் கிளிநொச்சியிலிருந்து மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு நோயாளர்களை ஏற்றிச் செல்லும் வான் சாரதி. உங்களைப் போன்ற ஒருவரிடம்தான் ஓட்டப் பழகினேன். கிளச்சை விடுவதையும், சந்தியில் மாடு குறுக்கே வந்தால் பொறுத்து நிற்பதையும் அவர் பொறுமையாகக் கற்றுத் தந்தார். அதிவேக நெடுஞ்சாலையில் தலைக்கு மேலே, வீதிக்குக் குறுக்காக நிற்கும் பெயர்ப்பலகைகளை எப்படி வாசிப்பது என்று அவர் சொல்லித் தரவில்லை. வன்னியில் அதிவேக நெடுஞ்சாலையே இல்லாதபோது அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் உங்களிடம் பழகிய பிள்ளைகள் இன்று வாரந்தோறும் அந்தப் பலகைகளுக்குக் கீழே ஓடுகிறார்கள்.

ஏ9 வீதியில் முல்லைத்தீவுக்குத் திரும்ப வேண்டியவர் மாங்குளம் சந்தியைத் தவறவிட்டால் என்ன செய்வார்? ஓரமாக நிறுத்துவார், கடையில் நிற்பவரிடம் கேட்பார், வந்த வழியே திரும்புவார். இரண்டு நிமிடம்தான் வீணாகும். இந்தப் பழக்கத்தோடுதான் நாம் கட்டுநாயக்கவில் அதிவேக நெடுஞ்சாலைக்கு ஏறுகிறோம். அங்கே நிறுத்த இடமில்லை, கேட்க ஆளில்லை, திரும்ப வழியும் இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாமியையும் அவருடைய மகளையும் ஏற்றிக்கொண்டு இரவு பத்து மணிக்குப் புறப்பட்டேன். அனுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு வழியாகக் கட்டுநாயக்கவுக்கு வந்து கொழும்புப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தேன். கெரவலப்பிட்டியில் இடது பக்கம் பிரிந்து, கடவத்தை வழியாகக் கொட்டாவைக்குப் போகும் வெளிவட்ட நெடுஞ்சாலைக்கு மாற வேண்டும். நானோ வலது தடத்தில் ஒரு கொள்கலன் லொறியை முந்திக்கொண்டிருந்தேன். பலகை தெரிந்ததும் அதில் 'மஹரகம' என்ற பெயரைத் தேடினேன். இல்லை. இன்னும் வரவில்லை என்று நினைத்து நேரே போனேன். லொறியைத் தாண்டியபோது பிரியும் பாதை என் இடது பக்கத்தில் விலகிப் போய்க்கொண்டிருந்தது. பேலியகொடையில் இறங்கி, காலை நெரிசலுக்குள் அகப்பட்டு, கிளினிக்கில் இலக்கம் கொடுத்து முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். மாமி என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முன் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பிறகுதான் எங்கே பிழை விட்டேன் என்று புரிந்தது. மேலே தொங்கும் பலகை நீங்கள் போகும் ஊரின் பெயரைச் சொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அது பாதையின் இலக்கத்தையும், அந்தப் பாதை போய்ச் சேரும் பெரிய இடங்களையும், அடுத்த வாயிலின் பெயரையும்தான் சொல்லும். ஆகவே புறப்படும் முன்பே நம்மிடம் ஒரு சிறிய வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும். மஹரகமவுக்கு அந்த வரிசை இதுதான்: கட்டுநாயக்கவில் E03, கெரவலப்பிட்டியில் E02, கொட்டாவையில் வெளியே. பலகையில் தேட வேண்டியவை இந்த மூன்றும்தான். மஹரகம என்பது கொட்டாவையில் இறங்கி ஹைலெவல் வீதியைப் பிடித்த பிறகு வரும் பெயர்.

இரண்டாவது விடயம் கண்ணின் பழக்கம். ஒரே பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று ஒவ்வொரு பெயரும் மூன்று முறை இருக்கும். பழகாத கண் மேல் வரியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் வாசிக்கப் பார்க்கும். தமிழ் நடு வரியில் இருக்கும் என்று முன்பே தெரிந்தவருக்கு வேலை மூன்றில் ஒரு பங்குதான். அதற்கும் முதலில் பார்க்க வேண்டியது அம்புக்குறி. நேர் கீழே பார்க்கும் அம்பு, தனக்குக் கீழே இருக்கும் தடம் எங்கே போகிறது என்று சொல்கிறது. இடது மேல்பக்கம் சாய்ந்த அம்பு, பாதை பிரிந்து போகும் திசையைக் காட்டுகிறது. அம்பு, இலக்கம், பெயர் என்ற ஒழுங்கில் கண் போனால் நான்கு விநாடிக்குள் முடிவெடுத்துவிடலாம்.

அந்த நான்கு விநாடியின் விலையை மாணவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வாகனம் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 28 மீற்றர் ஓடுகிறது. வெளியேறும் வழிக்கு 1 கிலோமீட்டர் என்று பலகை சொன்னால் கையில் இருப்பது 36 விநாடிதான். வாசிக்க நான்கு போகும். கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, இடைவெளி கிடைத்து, ஒரு தடம் மாறி நேராவதற்குப் பத்து விநாடியாவது வேண்டும். பக்கத்தில் லொறி ஒன்று ஒட்டியபடி வந்தால் அதுவும் போதாது. இரண்டு தடம் மாற வேண்டுமென்றால் நேரம் எங்கே மிஞ்சுகிறது? அதனால் முதல் அறிவிப்புப் பலகையிலேயே முந்துவதை நிறுத்திவிட்டு இடது தடத்துக்கு வந்துவிடுவதே என் இன்றைய வழக்கம். லொறிக்குப் பின்னால் மெதுவாகப் போக நேர்ந்தாலும் சரிதான். ஆனால் அதை ஒட்டிப் போகக் கூடாது. உயரமான கொள்கலன் பலகையையே மறைத்துவிடும். மூன்று விநாடி இடைவெளி விட்டால் அதன் தலைக்கு மேலே பலகை தெரியும்.

இன்னொரு பிழையையும் நம் பிள்ளைகளிடம் காண்கிறேன். வெளியேறும் இடம் தெரிந்தவுடன் பிரதான தடத்திலேயே பிரேக்கை மிதிக்கிறார்கள். பின்னால் வருபவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். வேகத்தைக் குறைப்பதற்கென்றே இடது பக்கம் தனியாக ஒரு தடம் விரிகிறது. அதற்குள் முழுதாக நுழைந்த பிறகுதான் குறைக்க வேண்டும். அந்தத் தடம் பிரியும் இடத்தில் வெள்ளைக் கோடுகள் போட்ட முக்கோணம் இருக்கும். அதற்கு வந்துவிட்டால் முடிவு முடிந்த முடிவு. குறுக்கே வெட்டவும் கூடாது, பின்னோக்கி எடுக்கவும் கூடாது. கொட்டாவையைத் தவறவிட்டால் கஹதுடுவவில் இறங்கித் திரும்பலாம். கூடுதல் கட்டணமும் கொஞ்ச நேரமும்தான் போகும்.

உங்களிடம் பழகுபவர்களில் பலர் கனடாவுக்கும் போகிறார்கள். அங்கே வலப்பக்கம் ஓடுவதால் வெளியேறும் வழியும் பெரும்பாலும் வலப்பக்கமே. ரொறன்ரோவின் 401இல் விரைவுத் தடங்களும் சேகரிப்புத் தடங்களும் தனித்தனியே ஓடுகின்றன. பெரும்பாலான தெருக்களுக்கு இறங்க, முதலில் சேகரிப்புத் தடத்துக்கு மாற வேண்டும். அந்த மாறும் இடத்தைத் தவறவிட்டால் இறங்கும் இடமும் போய்விடும். இங்கேயே பலகை வாசிக்கப் பழகியவருக்கு அங்கே பக்கம் மட்டும்தான் மாற வேண்டும்.

நான் கேட்பது ஒரு மணி நேரப் பாடம். பெரிய மட்டையில் மூன்று மொழியிலும் பெயர், இலக்கம், அம்பு வரைந்து, நான்கு விநாடி காட்டி மறையுங்கள். "கொட்டாவைக்கு எந்தத் தடம்?" என்று கேளுங்கள். பிறகு மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையே கிலோமீட்டர் கல் ஒன்றைக் கடக்கும்போது, "அடுத்த கல்லில் வெளியேறப் போகிறாய், என்னென்ன செய்வாய், சொல்" என்று கேளுங்கள். 60இல் ஓடினால் அவருக்கு ஒரு நிமிடம் கிடைக்கும். அதிவேக நெடுஞ்சாலையில் 100இல் கிடைப்பது 36 விநாடிதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் ஆறு மட்டைகள் வரைந்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வானையும் மட்டைகளையும் கொண்டு, வவுனியாவோ முல்லைத்தீவோ, நீங்கள் கூப்பிடும் இடத்துக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
கிளிநொச்சி வான் சாரதி ஒருவர்