ஒன்றரை மணித்தியாலத்தில் முடியாத அனுமதி நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாதம் மகளின் டிப்ளோமா நேர்முகப் பரீட்சைக்காக மருதானைப் பக்கம் உள்ள ஒரு நிறுவனத்துக்குப் போனேன். நான் வேலை செய்வது பம்பலப்பிட்டியில் ஒரு தனியார் அலுவலகத்தில். கடிதத்தில் "காலை 8.30" என்றிருந்ததால் ஷோர்ட் லீவ் போதும் என்று நினைத்து, பத்து மணிக்கு வருவதாக எழுதிக் கொடுத்திருந்தேன்.

அங்கே போனால் எல்லோருக்கும் அதே 8.30தான். எங்களுக்குக் கிடைத்த இலக்கம் 41. சான்றிதழ் பார்க்கத் தொடங்கியதே ஒன்பதுக்கு. ஒன்பதரைக்கு ஒன்பது பேர்தான் முடிந்திருந்தார்கள். பஸ்ஸில் அலுவலகம் திரும்ப அரை மணித்தியாலம் வேண்டும் என்பதால், நான் புறப்பட வேண்டிய நேரமும் அதுதான். மகளைத் தனியே விட்டுப் போகலாம் என்றால், பெற்றோர் அதிகாரியின் முன்னால் ஒப்பமிட வேண்டிய உறுதிப் படிவம் ஒன்று இருக்கிறதாம். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! எங்கள் முறை வந்தபோது 11.15.

அலுவலகத்தில் ஷோர்ட் லீவும் எடுத்ததாகப் போட்டு, அரை நாள் அமய லீவும் வெட்டினார்கள். முதலிலேயே அரை நாள் கேட்டிருந்தால் 12.30 வரை நிம்மதியாக இருந்திருப்பேன், ஷோர்ட் லீவும் மிஞ்சியிருக்கும். பிழை என்னுடையதும்தான், சரி. ஆனால் இளையவனின் டெங்குக் காய்ச்சலுக்கே இந்த வருடம் ஐந்து நாள் லீவு போய்விட்டதால் அந்த அரை நாளும் பெரிதுதான்.

அரச ஊழியருக்கு மாதத்தில் இரண்டு ஷோர்ட் லீவ், ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். எங்களைப் போன்றவர்களுக்குக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வருடத்துக்கு 7 நாள் அமய லீவு தருகிறது. ஷோர்ட் லீவ் என்பது அதில் இல்லை. அது கம்பனியாகப் பார்த்துக் கொடுப்பது. அதனால் சட்டத்தைத் திருத்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அனுமதிக் கடிதத்தின் பிரதியைக் கொடுப்பவருக்கு, அந்த மாதத்து இரண்டு ஷோர்ட் லீவையும் ஒரே நாளில் சேர்த்து எடுக்க முகாமையாளர் விடலாம். மூன்று மணித்தியாலம் கிடைத்திருந்தால் எனக்கு 11.30 வரை நேரம் இருந்திருக்கும். பயணத்துக்குக் கொஞ்சம் குறையும், ஆனாலும் அரை நாள் போகாமல் பேசித் தீர்க்கக்கூடிய அளவு.

நிறுவனங்களும் இலக்கம் 1 முதல் 20 வரை 8.30க்கு, அடுத்த 20 பேர் 9.30க்கு என்று பிரித்து எழுதலாமே. பெற்றோர் ஒப்பமிட வேண்டும் என்றால் அதையும் கடிதத்திலேயே சொல்லிவிடலாம்.

அப்புறம், வெளியே வரும்முன் வந்துபோன நேரத்தைக் குறித்து முத்திரை குத்திய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு அது பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.